எண்ணத் தெரியாத விதிகள், குலையாத எண்ணிக்கை

a, b, c என்று மூன்றே எழுத்துகள். அவற்றை எந்த வரிசையில் வேண்டுமானாலும் கலந்து எழுதலாம். மூன்றும் ஒரே எண்ணிக்கையில் வர வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. babcca இந்த மொழியைச் சேர்ந்தது, ஏனென்றால் ஒவ்வொரு எழுத்தும் இரண்டு முறை வருகிறது. babcbc சேராது, அதில் b மூன்று, c இரண்டு, a ஒன்றுதான். கணிமொழியியலில் இந்த மொழிக்கு MIX என்று பெயர். மொழியியலாளர் எம்மன் பாக் இதைக் கவனத்துக்குக் கொண்டுவந்ததால் பாக் மொழி என்றும் சொல்வார்கள்.

எழுத்துகளை எண்ணத் தெரிந்தவருக்கு இதில் சிரமம் ஏதுமில்லை. ஆனால் வடிவ இலக்கணத்துக்கு எண்ணத் தெரியாது. ஒரு சரத்தில் ஒரு துண்டைக் கண்டால் அதை எடுத்துவிட்டு இன்னொரு துண்டை வைக்கலாம். அதற்குத் தெரிந்த செயல் அது ஒன்றுதான். ஒவ்வொரு விதியும் இரண்டு மூன்று குறிகளுக்கு அப்பால் எதையும் பார்ப்பதில்லை. அப்படிப்பட்ட விதிகளின் தொகுப்பு ஆயிரம் எழுத்து நீளமுள்ள சரத்திலும் மூன்று எண்ணிக்கைகளைச் சமமாக வைத்திருப்பது எப்படி? சூழல்சார் இலக்கணம், நேரியல் வரம்புத் தன்னியக்கி ஆகிய இரண்டு கருத்துகளும் எதற்காக உள்ளன என்பது இந்தக் கேள்வியைத் தொடர்ந்து போனாலே விளங்கிவிடும்.

முதலில், எளிய இலக்கணம் ஏன் போதாது என்று பார்ப்போம். சூழல்சாரா இலக்கணத்தில் விதியின் இடப்பக்கம் ஒரே ஒரு குறிதான் இருக்கும். அந்தக் குறியின் அக்கம்பக்கத்தில் என்ன இருந்தாலும் மாற்றம் நடக்கும். S → aSb என்ற விதி ஒரு a போடும்போதே அதற்கு இணையாக ஒரு b-யும் போடுகிறது. இப்படி இரண்டு எழுத்துகளைச் சமப்படுத்திவிடலாம். மூன்றாவது வந்ததும் இந்த முறை உடைகிறது. MIX மொழியில் உள்ள சரங்களில் முதலில் எல்லா a-களும், பிறகு எல்லா b-களும், பிறகு எல்லா c-களும் வரும்படி அமைந்தவற்றை மட்டும் பிரித்தெடுங்கள். சூழல்சாரா மொழி ஒன்றிலிருந்து இப்படி ஒரு ஒழுங்கு வடிவத்தைப் பிரித்தெடுத்தால் மிஞ்சுவதும் சூழல்சாரா மொழியாகவே இருக்கும். ஆனால் சூழல்சாரா மொழியின் நீண்ட சரம் ஒவ்வொன்றிலும், நெருங்கி அமைந்த இரண்டு துண்டுகளைச் சேர்த்துத் திரும்பத் திரும்பப் பெருக்க முடிய வேண்டும். a, b, c தொகுதிகள் ஒவ்வொன்றும் போதிய நீளமாக இருந்தால், நெருக்கமான எந்தப் பகுதியும் அதிகபட்சம் இரண்டு எழுத்துகளைத்தான் தொடும். அதைப் பெருக்கினால் மூன்றாவது எழுத்து பின்தங்கிவிடும். ஆகவே MIX சூழல்சாரா மொழி அல்ல.

இங்கே ஒரு விந்தை உண்டு. MIX-இன் நிரப்பி, அதாவது மூன்று எண்ணிக்கைகளும் சமமாக இல்லாத சரங்களின் தொகுப்பு, சூழல்சாரா மொழிதான். a-யும் b-யும் சமமில்லாத சரங்களுக்கு ஓர் இலக்கணம் எழுதலாம்; b-யும் c-யும் சமமில்லாத சரங்களுக்கு இன்னொன்று எழுதலாம்; இரண்டையும் சேர்த்துவிட்டால் போதும். “சமமில்லை” என்பதை எளிதாகச் சொல்ல முடிகிற இலக்கணத்தால் “சமம்” என்பதைச் சொல்ல முடியவில்லை. நிரப்பி பற்றிய இந்தக் கேள்வி இதற்கு மேலுள்ள படியிலும் எழுந்து, இருபது ஆண்டுகளுக்கு மேல் பதிலின்றிக் கிடந்தது. அதற்குப் பிறகு வருகிறேன்.

நோம் சாம்ஸ்கி 1959-இல் வெளியிட்ட கட்டுரையில் இலக்கணங்களை நான்கு வகையாகப் பிரித்தார். அவற்றில் வகை 1 என்பது சூழல்சார் இலக்கணம். அதன் விதி αAβ → αγβ என்ற வடிவில் இருக்கும். இடப்பக்கம் α-வும் வலப்பக்கம் β-வும் இருந்தால் மட்டும் A என்ற ஒரு குறி γ-வாக மாறலாம். γ வெறுமையாக இருக்கக்கூடாது. தமிழ்ப் புணர்ச்சி படித்தவர்களுக்கு இந்த வடிவம் அந்நியமாகத் தோன்றாது. மரம் என்பதோடு கள் சேரும்போது, பின்னால் ககரம் நிற்பதால் மகர ஒற்று ஙகர ஒற்றாகி மரங்கள் என்று வருகிறது. ககரம் மாறுவதில்லை, அது சூழல் மட்டுமே.

இதற்கு இணையான இன்னொரு வரையறையும் உண்டு. ஒரு விதியின் வலப்பக்கம் இடப்பக்கத்தைவிடக் குட்டையாக இருக்கக்கூடாது. வேறு நிபந்தனை எதுவும் இல்லை. இதைக் குறுகா இலக்கணம் என்று சொல்வோம். இரண்டு வரையறைகளும் ஒரே மொழிகளைத்தான் தருகின்றன. MIX-க்கு இலக்கணம் எழுதும்போது குறுகா இலக்கணம்தான் கைக்கு எளிதாக வருகிறது:

```
S  → ABCS      S  → ABC
AB → BA        BA → AB
BC → CB        CB → BC
AC → CA        CA → AC
A  → a    B → b    C → c
```

இதில் மூன்று வேலைகள் நடக்கின்றன. முதல் வரி மூன்று எழுத்துகளையும் ஒன்று ஒன்றாகச் சேர்த்தே உற்பத்தி செய்கிறது. அடுத்த ஆறு விதிகள் பக்கத்துப் பக்கத்தில் உள்ள இரண்டை இடம் மாற்றுகின்றன. கடைசி வரி பெரிய எழுத்தைச் சின்ன எழுத்தாக்கி உறைய வைக்கிறது. babcca எப்படி வருகிறது என்று பாருங்கள்:

```
S ⇒ ABCS ⇒ ABCABC
  ⇒ BACABC      (AB → BA)
  ⇒ BACBAC      (AB → BA)
  ⇒ BABCAC      (CB → BC)
  ⇒ BABCCA      (AC → CA)
```

இதற்குப் பின் ஆறு எழுத்துகளையும் ஒவ்வொன்றாகச் சிறிதாக்கினால் வேலை முடிந்தது. மொத்தம் பன்னிரண்டு படிகள்.

இந்த இலக்கணம் சரியானது என்பதற்கு இரண்டு செய்திகளை நிறுவினால் போதும். எந்த விதியும் A-வகை, B-வகை, C-வகை எழுத்துகளின் சமநிலையைக் குலைப்பதில்லை. எனவே தவறான சரம் வராது. அடுத்தடுத்த இரண்டை மாற்றிக்கொண்டே போனால் எந்த வரிசையையும் அடைந்துவிடலாம். எனவே சரியான சரம் எதுவும் விடுபடாது. எண்ணிக்கை எந்த விதிக்குள்ளும் எழுதப்படவில்லை. ஒவ்வொரு படியிலும் மாறாமல் காக்கப்படும் பண்பாக அது இருக்கிறது. வெறுஞ்சரத்திலும் மூன்று எண்ணிக்கைகளும் பூச்சியமாகச் சமமாக இருப்பதால் அதையும் சேர்க்க விரும்பினால், வேறு எந்த விதியின் வலப்பக்கத்திலும் வராத ஒரு புதிய தொடக்கக்குறியை வைத்து, அது மட்டும் வெறுமையாகலாம் என்று விதிவிலக்கு கொடுப்பது வழக்கம்.

இனிதான் கவனமாகப் போக வேண்டிய இடம். AB → BA குறுகா விதிதான். ஆனால் சாம்ஸ்கி சொன்ன கண்டிப்பான வடிவத்தில் அது இல்லை, ஏனென்றால் ஒரே படியில் இரண்டு குறிகள் மாறுகின்றன. கண்டிப்பான வடிவத்தில் ஒரு படியில் ஒரு குறிதான் மாறலாம். ஆகவே புதிய குறி ஒன்றைக் கொண்டுவந்து இடமாற்றத்தைச் சிறு படிகளாக உடைக்க வேண்டும். பாடக் குறிப்புகளில் இதற்கு மூன்று படி வழி ஒன்று உலவுகிறது:

```
AB → XB     XB → XA     XA → BA
```

பார்ப்பதற்கு நேர்த்தியாக இருக்கிறது. ஒவ்வொரு விதியிலும் ஒரு குறிதான் மாறுகிறது. AB-யில் தொடங்கி BA-வில் முடிகிறது. BA → AB என்பதற்கும் இதேபோல் Y என்ற தனிக்குறியை வைத்து BA → YA, YA → YB, YB → AB என்று எழுதலாம். இப்போது ABA என்ற துண்டில் இந்த விதிகளை ஓட்டிப் பாருங்கள்:

```
ABA ⇒ XBA ⇒ XYA ⇒ XYB ⇒ XAB ⇒ BAB
```

இரண்டு A-யும் ஒரு B-யும் இருந்த இடத்தில் இப்போது ஒரு A-யும் இரண்டு B-யும் நிற்கின்றன. நடந்தது இதுதான். முதல் A, தன் வலப்பக்கத்து B-யோடு இடம் மாறப் போவதாகச் சொல்லி X ஆனது. அது காத்திருந்த நேரத்தில் அந்த B வேறொரு A-யோடு இடம் மாறிக்கொண்டது. X திரும்பிப் பார்த்தபோது வலப்பக்கம் A நிற்கிறது. தன் பங்காளிதான் A-வாக மாறிவிட்டது என்று எடுத்துக்கொண்டு X, B-யாகிவிட்டது. உண்மையில் அந்த B மாறவே இல்லை. ஒரு இடம் தள்ளிப் போயிருந்தது.

இந்தப் பிழை இறுதிச் சரம்வரை போகிறது. ABCABC-இல் CA-வை இடம் மாற்றினால் ABACBC வரும். அதன் முதல் மூன்று எழுத்துகளில் மேலே கண்ட பிழை நேர்ந்தால் BABCBC. சிறிதாக்கினால் babcbc, தொடக்கத்தில் வெளியே தள்ளிய அதே சரம். ஒரே திசையில் மட்டும் இடம் மாற்றும் இலக்கணங்களிலும் இந்த மூன்று படி வழி சறுக்குகிறது. முதலில் a, பிறகு b, பிறகு c என்று வரிசைப்படுத்தும் பிரபலமான இலக்கணத்தில் CB → BC என்ற ஒற்றை இடமாற்ற விதியை CB → HB, HB → HC, HC → BC என உடைத்தால், CBB என்பது BCC ஆகிவிட முடியும். HBB, HCB, HHB, HHC, HBC, HCC என்ற வழியாகப் போய்ப் பாருங்கள். முடிவில் aaabbcccc-யும் அந்த மொழியில் வந்து சேர்ந்துவிடும்.

திருத்தம் எளிது. பங்காளியும் கையெழுத்துப் போட வேண்டும். X-க்கு மட்டுமல்லாமல் இரண்டாவது குறிக்கும் ஒரு தனிக்குறி கொடுக்க வேண்டும்:

```
AB → XB     XB → XY     XY → BY     BY → BA
```

இந்த X-உம் Y-யும் AB என்ற இணைக்கு மட்டுமே உரியவை. மற்ற ஐந்து இணைகளுக்கும் வேறு வேறு குறிகள். ஆக பன்னிரண்டு புதிய குறிகள், இருபத்து நான்கு இடமாற்ற விதிகள். சுருக்கமான இலக்கணம் இப்படிப் பருத்துப் போவது அழகாக இல்லைதான். ஆனால் இது சரியானது என்பதை நிறுவ முடியும். X-ஐ எப்போதும் A என்று கணக்கில் வையுங்கள். Y-யின் இடப்பக்கம் X நிற்கும்வரை அதை B என்று எண்ணுங்கள். X விலகியபின் A என்று எண்ணுங்கள். X ஒன்று B-யாக மாற வேண்டுமானால் பக்கத்தில் Y இருந்தே ஆக வேண்டும். அந்த Y பிறந்ததே இந்த X-இன் அருகில்தான். Y-க்கு இடப்பக்கத்தில் புதிதாக ஒரு X முளைக்கவும் வழியில்லை, ஏனென்றால் X பிறக்கும்போது அதன் வலப்பக்கம் B இருக்க வேண்டும். நான்கு விதிகளில் எதை எடுத்தாலும் இந்தக் கணக்கு மாறுவதில்லை. முன்பு பிழை நேர்ந்த XAB என்ற நிலையில் X-க்கு இப்போது எந்த விதியும் பொருந்தாது. வலப்பக்கம் ஒரு B வரும்வரை அது காத்திருக்கும். வராமலே போனால் அந்த வருவிப்பு முடிவடையாமல் நின்றுவிடும். அதனால் நட்டமில்லை, தவறான சரம் பிறக்காது என்பதே முக்கியம்.

இலக்கணம் சரத்தை உருவாக்குகிறது. இனி, கொடுத்த சரத்தைச் சோதிக்கும் எந்திரத்துக்கு வருவோம். நேரியல் வரம்புத் தன்னியக்கி என்பது டூரிங் எந்திரம்தான். ஆனால் அதன் நாடா உள்ளீட்டுச் சரத்தின் நீளத்தோடு முடிந்துவிடுகிறது. இரு முனையிலும் எல்லைக்குறி இருக்கும். தலை அதைத் தாண்டக்கூடாது. நாடாக் கட்டங்களில் எழுதலாம், அழிக்கலாம், திரும்பத் திரும்ப நடக்கலாம். கூடுதல் தாள் மட்டும் கிடையாது. எந்திரத்தின் குறித்தொகுதி எவ்வளவு பெரிதாகவும் இருக்கலாம் என்பதால், ஒரு கட்டத்தைப் பல தடங்களாகப் பிரித்துக்கொள்ள முடியும். நீளத்தின் மும்மடங்கு இடம் வேண்டுமென்றாலும் அதை அதே கட்டங்களுக்குள் அடக்கிவிடலாம். பெயரிலுள்ள “நேரியல்” என்பதற்கு இதுவே பொருள்.

MIX-க்கு இந்த எந்திரம் இப்படி வேலை செய்யும். இடமிருந்து வலமாக ஒரு நடை. வழியில் முதலில் காணும் a, முதலில் காணும் b, முதலில் காணும் c ஆகியவற்றை எந்த வரிசையில் வந்தாலும் x என்று அடித்துவிட வேண்டும். இதுவரை எவற்றை அடித்தோம் என்பது நிலையில் பதிவாகும். மூன்று எழுத்துகளுக்கு எட்டு சாத்தியங்கள். வல எல்லையை அடைந்ததும் மூன்றும் அடிபட்டிருந்தால் இட எல்லைக்குத் திரும்பி அடுத்த நடை. ஒன்றுகூட அடிபடவில்லை என்றால் சரம் தீர்ந்துவிட்டது, ஏற்கலாம். சில அடிபட்டுச் சில அடிபடாமல் இருந்தால் மறுக்க வேண்டும். babcca-வில் முதல் நடை 1, 2, 4-ஆம் இடங்களையும், இரண்டாம் நடை 3, 5, 6-ஆம் இடங்களையும் அடிக்கும்; மூன்றாம் நடையில் எதுவும் இல்லை, ஏற்பு. babcbc-யில் முதல் நடைக்குப் பின் b, b, c மிஞ்சும். இரண்டாம் நடையில் a அகப்படாது, மறுப்பு. 3000 எழுத்துள்ள சரியான சரத்துக்கு வலப்பக்கமாக 1001 நடை, திரும்பி வர 1000 நடை. மொத்தம் சுமார் 60 லட்சம் அடிகள். நேரம் போகிறது, ஆனால் ஒரு கட்டம்கூடக் கூடுதலாக வேண்டியதில்லை.

நாடா முடிவுள்ளது என்பதால் ஒரு பெரிய நன்மை விளைகிறது. நிலை, தலை நிற்கும் இடம், நாடாவில் எழுதியிருப்பது ஆகிய மூன்றும் சேர்ந்ததை அமைவு என்போம். மேலே சொன்ன எந்திரத்துக்கு நடக்கும் நிலைகள் ஒன்பது. ஆறு எழுத்துச் சரத்துக்கு எல்லைகளையும் சேர்த்துத் தலை நிற்கும் இடங்கள் எட்டு. நாடாவில் a, b, c, x என நான்கு குறிகள் என்பதால் 4096 விதமாக எழுதலாம். பெருக்கினால் 2,94,912 அமைவுகள். தன் அமைவுகளின் எண்ணிக்கைக்கு மேல் அடியெடுத்து வைக்கும் எந்த எந்திரமும் ஏற்கெனவே வந்த அமைவுக்கே திரும்பியிருக்கிறது, அதாவது சுழல்கிறது. பொதுவான டூரிங் எந்திரம் நிற்குமா என்று கண்டறிய வழியில்லை; வரம்புத் தன்னியக்கி நிற்குமா என்பதை எண்ணியே சொல்லிவிடலாம்.

இலக்கணமும் எந்திரமும் சேரும் இடம் இப்போது புலப்படும். குறுகா இலக்கணத்தில் சரம் ஒருபோதும் குட்டையாகாது. ஆகவே n எழுத்துள்ள சரத்தை அடையும் வருவிப்பின் எந்த இடைநிலைச் சரமும் n-ஐத் தாண்டியிருக்க முடியாது. எந்திரம் நாடாவின் ஒரு தடத்தில் உள்ளீட்டை அப்படியே வைத்துக்கொண்டு, இன்னொரு தடத்தில் S-இல் தொடங்கி விதிகளை ஒவ்வொன்றாக ஊகித்துப் போட்டுப் பார்க்கலாம். நீளம் எல்லையை மீறினால் அந்த ஊகத்தைக் கைவிடலாம். இரண்டு தடங்களும் ஒத்துப்போனால் ஏற்கலாம். எதிர்த்திசையில், எந்திரத்தை இலக்கணமாக்கும்போது ஒவ்வொரு கட்டமும் ஒரு கூட்டுக்குறி ஆகும். அதில் மூல எழுத்து, இப்போது எழுதியிருக்கும் குறி, தலை அங்கே நின்றால் அதன் நிலை ஆகியவை சேர்ந்திருக்கும். தலை நகர்வது பக்கத்துப் பக்கத்துக் குறிகளின் மாற்றம்தான். ஏற்பு நிலை வந்ததும் அது இருபுறமும் பரவி மூல எழுத்துகளை வெளிவிடும். எல்லைக்குறிகளைத் தனிக்குறிகளாக வைத்தால் கடைசியில் அவற்றை அழிக்க வேண்டிவரும்; அழித்தால் சரம் குறுகிவிடும். அதனால் அவற்றை முனைக் கட்டங்களின் கூட்டுக்குறிக்குள்ளேயே மடித்து வைக்க வேண்டும். நிரூபணம் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் தவறவிடுவது இந்தச் சிறு வேலையைத்தான்.

இந்தப் பொருத்தம் படிப்படியாகவே வந்தது. ஜான் மைஹில் 1960-இல் இந்தத் தன்னியக்கியை வரையறுத்தார். அவருடையது தீர்மான எந்திரம். ஒவ்வொரு நிலையிலும் அடுத்த அடி ஒன்றுதான். பீட்டர் லாண்ட்வெபர் 1963-இல் அந்த எந்திரம் ஏற்கும் மொழிகள் யாவும் சூழல்சார் மொழிகள் என்று காட்டினார். மறுதிசை அகப்படவில்லை, ஏனென்றால் எந்த விதியை எங்கே போடுவது என்று ஊகிக்கும் வேலையைத் தீர்மான எந்திரம் அதே இடத்துக்குள் செய்ய முடியுமா என்பது தெரியவில்லை. ஜப்பானிய மொழியியலாளர் சிகே-யுகி குரோடா 1964-இல் எந்திரத்துக்கே ஊகிக்கும் உரிமையைக் கொடுத்தார்: ஒரு நிலையில் பல அடுத்த அடிகள் இருக்கலாம், அவற்றில் ஏதேனும் ஒரு பாதை ஏற்பில் முடிந்தால் போதும். அப்போது இருபுறமும் பொருந்திவிட்டது. அதோடு அவர் இரண்டு கேள்விகளையும் விட்டுச் சென்றார். ஊகிக்கும் எந்திரம் செய்வதையெல்லாம் தீர்மான எந்திரமும் அதே நாடாவில் செய்யுமா? சூழல்சார் மொழியின் நிரப்பியும் சூழல்சார் மொழிதானா?

முதல் கேள்விக்கு ஆம் என்று பதில் வந்தால் இரண்டாவதற்கும் ஆம் என்றே வரும். தீர்மான எந்திரத்தில் ஏற்பையும் மறுப்பையும் இடம் மாற்றினால் போதுமே. ஊகிக்கும் எந்திரத்தில் அது செல்லாது. ஏற்கும் பாதை ஒன்று உண்டு என்பதற்குச் சாட்சி அந்தப் பாதையேதான். ஏற்கும் பாதையே இல்லை என்பதற்கு எதைச் சாட்சியாகக் காட்டுவது? இரண்டாம் கேள்விக்கு இல்லை என்பதே பதில் என்று பலரும் எதிர்பார்த்திருந்த நிலையில், 1987-இல் அமெரிக்காவில் நீல் இம்மர்மனும் செக்கோஸ்லோவாக்கியாவில் மாணவராக இருந்த ராபர்ட் செலெப்செனியும் தனித்தனியே ஆம் என்று நிறுவினார்கள். 1995-இல் இருவருக்கும் கோடல் பரிசு கிடைத்தது.

அவர்கள் பிடித்துக்கொண்ட நூல், எண்ணிக்கைதான். தொடக்க அமைவிலிருந்து i அடிகளுக்குள் அடையக்கூடிய அமைவுகள் எத்தனை என்ற எண் மட்டும் கையில் இருக்கிறது என்று வையுங்கள். அவை எவை என்ற பட்டியல் வேண்டாம், அதை எழுத நாடாவில் இடமும் இல்லை. இப்போது v என்ற அமைவு i+1 அடிகளுக்குள் அடைய முடியாதது என்று எப்படி உறுதிசெய்வது? எல்லா அமைவுகளையும் வரிசையாக ஒவ்வொன்றாக எடுங்கள். ஒவ்வொன்றும் i அடிகளுக்குள் அடையக்கூடியதா என்று ஊகியுங்கள். ஆம் என்று ஊகித்தால் அதற்கான பாதையையும் ஊகித்து நடந்து காட்டுங்கள். நடந்து காட்டியவற்றை மட்டும் எண்ணிக்கொண்டு, அவற்றில் எதுவாவது v-யே ஆகிறதா அல்லது ஓரடியில் v-க்குப் போகிறதா என்றும் பாருங்கள். வரிசை முடிந்ததும் எண்ணியது கையிலுள்ள எண்ணைவிடக் குறைவாக இருந்தால், எங்கோ தவறாக ஊகித்திருக்கிறோம். அந்தப் பாதையைக் கைவிடலாம். சரியாக வந்தால் ஒன்றையும் தவறவிடவில்லை என்பது உறுதி. அப்போது v எட்டப்படவில்லை என்றால் அது உண்மையிலேயே எட்டாதது. இப்படி ஒவ்வொரு v-யையும் சோதித்து i+1-க்கான எண்ணைப் பெறலாம், அதிலிருந்து அடுத்தது. கடைசி எண் கிடைத்தபின், ஏற்பு அமைவு எதுவும் அந்தத் தொகுப்பில் இல்லை என்று அதே முறையில் காட்டிவிடலாம். அமைவுகளின் மொத்தம் n-ஐ அடுக்கில் கொண்ட எண் என்பதால் அந்த எண்ணை எழுத n-இன் ஏதோ ஒரு மடங்கு கட்டங்களே போதும்; தடங்களாகப் பிரித்தால் அதே நாடாவில் அடங்கிவிடும். மொத்த நிரூபணமும் சில பக்கங்களில் முடிந்துவிடுகிறது.

இந்தப் படியில் MIX எங்கே நிற்கிறது? உண்மையைச் சொன்னால், வரம்புத் தன்னியக்கியின் பலத்தில் ஒரு சிறு பங்கைத்தான் அது கேட்கிறது. a-யின் எண்ணிக்கையிலிருந்து b-யின் எண்ணிக்கையைக் கழித்தால் எவ்வளவு, b-யிலிருந்து c-யைக் கழித்தால் எவ்வளவு என்ற இரண்டு எண்களை வைத்துக்கொண்டு ஒரே நடையில் சோதித்துவிடலாம். 3000 எழுத்துக்கு அந்த எண்கள் ஒவ்வொன்றும் குறியோடு சேர்த்துப் பதின்மூன்று பிட்டுகளில் அடங்கும். ஊகமும் தேவையில்லை. ஆகவே இந்த ஓர் எடுத்துக்காட்டை வைத்துச் சூழல்சார் மொழிகள் எல்லாம் இவ்வளவு எளியவை என்று எண்ணிவிடக்கூடாது. ஓர் இலக்கணத்தையும் ஒரு சரத்தையும் கொடுத்து அது இதில் அடங்குமா என்று கேட்கும் பொதுக்கணக்கு, பல்லுறுப்பு அளவு இடத்தில் தீர்க்கக்கூடிய கணக்குகளிலேயே மிகக் கடினமானவற்றில் ஒன்று. கொடுத்த இலக்கணம் ஒரு சரத்தையாவது தருமா என்ற கேள்விக்கோ பொதுவான வழிமுறையே கிடையாது. ஒரு டூரிங் எந்திரத்தின் முழு ஓட்டத்தையும் ஒரே நீளச் சரமாக எழுதிக்கொடுத்தால், அது சரியான ஓட்டமா என்று வரம்புத் தன்னியக்கி சரிபார்த்துவிடும் என்பதே காரணம். அப்படியொரு சரம் உண்டா என்று கேட்பது, அந்த டூரிங் எந்திரம் நிற்குமா என்று கேட்பதற்குச் சமம்.

MIX-ஐச் சரியாகப் பிடிக்க எவ்வளவு இலக்கணம் போதும் என்பதை மொழியியலாளர்கள் தனியாக ஆராய்ந்தார்கள். மனித மொழிகளுக்குச் சூழல்சாரா இலக்கணத்தைவிடக் கொஞ்சம் கூடுதல் பலம் வேண்டும், சூழல்சார் இலக்கணம் அளவுக்கு வேண்டாம் என்பது அவர்களில் ஒரு சாராரின் நிலைப்பாடு. சொற்களை எப்படிக் குலைத்துப் போட்டாலும் ஏற்கும் MIX போன்ற மொழி அந்த நடுப்படியில் அடங்கக்கூடாது என்ற எதிர்பார்ப்பும் இருந்தது. a, b, c மூன்றையும் ஒரு தளத்தில் 120 பாகைக் கோண இடைவெளியில் அமைந்த மூன்று திசைகளாக வைத்து ஓரடி ஓரடியாக நடந்தால், சரம் MIX-இல் இருப்பதும் நடை தொடங்கிய இடத்துக்கே திரும்புவதும் ஒன்றுதான். சில்வான் சால்வாதி தளத்தின் வடிவியலைப் பயன்படுத்தி, MIX அந்த நடுப்படி இலக்கணங்களுள் ஒன்றில், சரத் துண்டுகளை இரண்டிரண்டாகக் கையாளும் பல்சூழல்சாரா இலக்கணத்தில், அடங்கிவிடுகிறது என்று காட்டினார். 2012-இல் மகோடோ கனசாவாவும் அவரும் சேர்ந்து, மரங்களை ஒட்டிச் சேர்க்கும் இலக்கண வகைக்கு அது அடங்காது என்று நிறுவினார்கள். எதிர்பார்ப்பு பாதி பொய்த்தது, பாதி மெய்த்தது.

குரோடாவின் முதல் கேள்வி இன்னும் திறந்தே கிடக்கிறது. வால்டர் சாவிட்ச் 1970-இல் காட்டியபடி, ஊகிக்கும் எந்திரம் n கட்டங்களில் செய்வதைத் தீர்மான எந்திரம் n² அளவிலான கட்டங்களில் செய்துவிடும். அந்த வர்க்கம் உண்மையிலேயே தேவையா, அல்லது n-இன் மடங்கே போதுமா என்பதுதான் தெரியவில்லை. இது வரம்புத் தன்னியக்கியோடு நிற்கும் கேள்வியும் அல்ல. ஊகத்தால் பயன் எதுவும் இல்லை என்பது மடக்கை அளவு இடத்தில் நிரூபிக்கப்பட்டால், சரங்களை நீட்டி நிரப்பும் எளிய உத்தியால் அது வரம்புத் தன்னியக்கிக்கும் ஏறிவந்துவிடும். ஆகவே தீர்மான எந்திரத்தால் ஏற்க முடியாத ஒரு சூழல்சார் மொழியை யாராவது கண்டுபிடித்துக் காட்டினால், மடக்கை இடத்திலும் ஊகிக்கும் எந்திரம் தீர்மான எந்திரத்தைவிட வலியது என்பது அதே நொடியில் நிறுவப்பட்டுவிடும்.